விலைக்கூற்றில் கடைசித் தொகையை மட்டும் பார்க்காதீர்கள்

சேதமடைந்த வீட்டைத் திருத்துவதற்கு ஒப்பந்தகாரர் ஒருவரை அழைத்தால், அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டொரு நாளில் ஒரு தாளைக் கொண்டு வந்து தருவார். அதுதான் விலைக்கூற்று. கொட்டேசன் என்றும் சொல்வார்கள். தாள் கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் கீழே உள்ள மொத்தத் தொகைக்குத்தான் போகும். கையில் உள்ள பணத்துக்குள் அடங்குகிறதா, அடுத்தவர் தந்ததைவிடக் குறைவா என்று பார்த்துவிட்டுக் கையொப்பம் இடுகிறோம். வேலை பாதியில் நிற்கும்போதுதான் மேலே எழுதியிருந்த வரிகளை வாசிக்கிறோம்.

மொத்தத் தொகை சரியா என்பதை அந்த வரிகளை வைத்துத்தான் சொல்லலாம். எந்த வேலை, எவ்வளவு வேலை, எந்தப் பொருளில், கூடினாலோ குறைந்தாலோ யார் பொறுப்பு ஆகிய நான்கும் வரிகளில் இருக்க வேண்டும். இங்கே ஒரு விலைக்கூற்றை எடுத்து வரி வரியாக வாசித்துப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டு வீடு

வெளிப்புறம் 20 அடி அகலமும் 25 அடி நீளமும் உள்ள ஒரு கல்வீடு. ஒரு விறாந்தை, இரண்டு அறைகள். சுவர்கள் நிற்கின்றன. கூரை இல்லை. பூச்சு பல இடங்களில் கழன்றுவிட்டது. நிலம் வெடித்துப் பெயர்ந்துள்ளது. கதவுகளும் யன்னல்களும் நிலையோடு போய்விட்டன. தாயும் இரண்டு பிள்ளைகளும் உள்ள குடும்பம். கையில் இருப்பது 5 இலட்சம் ரூபா.

ஒப்பந்தகாரர் தந்த தாள் இது. தொகைகள் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்தவை. உங்கள் ஊரின் இன்றைய விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. இடிபாடு அகற்றித் துப்புரவு செய்தல் – 1 ஐற்றம் – 15,000
2. கூரை, மரமும் ஓடும் – 10 சதுரம், சதுரம் 25,000 – 250,000
3. சுவர்ப் பூச்சு, உள்ளும் வெளியும் – 16 சதுரம், சதுரம் 6,000 – 96,000
4. நிலம் கொங்கிறீற் இடுதல் – எல்.எஸ். – 35,000
5. கதவு, யன்னல் – 1 ஐற்றம் – 60,000
6. மின்சார வேலை – பி.எஸ். – 20,000
7. ஏனையவை – 24,000
மொத்தம் – 500,000 ரூபா

தொகை கையில் உள்ள பணத்துக்குச் சரியாக வந்திருக்கிறது. ஒப்பந்தகாரர் உங்களிடம் உள்ள தொகையைக் கேட்டறிந்த பின் எழுதிய தாள்கள் பல இப்படித்தான் வந்து முடியும். ஆகவே தொகை பொருந்துவதை மட்டும் வைத்துத் தாள் சரியென்று எடுக்கக் கூடாது.

மூன்று வகை வரிகள்

இந்த ஏழு வரிகளையும் மூன்று வகையாகப் பிரிக்கலாம். 2ஆம், 3ஆம் வரிகளில் அளவும் ஓரலகின் விலையும் உண்டு. இவற்றை நீங்களே அளந்து சரிபார்க்கலாம். 1ஆம், 4ஆம், 5ஆம் வரிகளில் அளவு இல்லை. முழு வேலைக்கும் ஒரே தொகை. ‘ஐற்றம்’, ‘எல்.எஸ்.’ ஆகிய இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: மொத்தமாகப் பேசிய தொகை. 6ஆம், 7ஆம் வரிகள் இன்னும் விலை முடிவாகாத வேலைக்கு உத்தேசமாக ஒதுக்கிய பணம். ‘பி.எஸ்.’ என்பது அதைத்தான் குறிக்கும்.

விலைக்கூற்று கிடைத்ததும் முதலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எந்த வகை என்று பென்சிலால் குறியுங்கள். ஒவ்வொரு வகையையும் வாசிக்கும் முறை வேறு.

அளவு எழுதிய வரி: கூரை

கட்டட வேலையில் ‘சதுரம்’ அல்லது ‘ஸ்குவயர்’ என்பது 100 சதுர அடி. ஆகவே சதுரம் 25,000 ரூபா என்றால் ஒரு சதுர அடிக்கு 250 ரூபா. ஒருவர் சதுர அடியிலும் இன்னொருவர் சதுரத்திலும் விலை தந்திருந்தால், ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டின் நிலப்பரப்பு 20 × 25 = 500 சதுர அடி, அதாவது 5 சதுரம். தாளில் 10 சதுரம். இரண்டு மடங்கு எழுதிவிட்டார் என்று உடனே கோபப்படக் கூடாது. கூரையை நிலத்தில் அளப்பதில்லை. ஓடு கிடக்கும் சரிவில் அளப்பார்கள். கூரை சுவருக்கு வெளியேயும் நீண்டிருக்கும்.

இந்த வீட்டில் கூரை நான்கு பக்கமும் 2 அடி வெளியே நீள்கிறது. ஆகவே நீளம் 25 உடன் 4 கூட்டி 29 அடி. முகட்டிலிருந்து கூரையின் கீழ் விளிம்பு வரை சரிவில் 14 அடி. இரண்டு பக்கச் சரிவு. 14 × 29 = 406 சதுர அடி; இரண்டு பக்கமும் 812 சதுர அடி. அதாவது 8.12 சதுரம். கூரை இல்லாத வீட்டில் சரிவு நீளத்தை அறிய, முகட்டு உயரத்துக்கு ஒரு தடி நட்டு, அங்கிருந்து கூரை முடியும் இடம் வரை கயிறு பிடித்து அளக்கலாம்.

தாளில் 10 சதுரம், அளந்தால் 8.12. வித்தியாசம் 1.88 சதுரம், 47,000 ரூபா. தாய் இதைக் கேட்டபோது ஒப்பந்தகாரர் சொன்னது:

“அக்கா, ஓடு உடையும், மரம் வெட்டேக்க கழிவு போகும். அதுக்கும் சேர்த்துத்தான் பத்து எண்டு போட்டனான்.”

கழிவு போவது உண்மை. ஆனால் கழிவுக்கான செலவை ஓரலகு விலைக்குள்தான் சேர்க்க வேண்டும், அளவுக்குள் அல்ல. சதுரம் 25,000 என்று விலை வைக்கும்போதே கழிவைக் கணக்கிட்டிருப்பார்கள். அளவிலும் கூட்டினால் ஒரே கழிவுக்கு இரண்டு தடவை பணம் கொடுத்ததாகும். இதைச் சொல்ல வாக்குவாதம் தேவையில்லை. “அளந்து வந்த அளவை எழுதுங்கோ தம்பி, விலையில் குறைவென்றால் விலையைச் சொல்லுங்கோ” என்றால் போதும்.

விலை சரியா என்று பார்க்க, அந்த 25,000 ரூபாவுக்குள் என்னென்ன அடங்கும் என்றும் கேட்க வேண்டும். வளையும் கைமரமும் சலாகையும் எந்த மரம்? புதிய ஓடா, பழைய ஓடா? முகட்டு ஓடும் அதைப் பதிக்கும் சாந்தும் சேர்ந்ததா? மரத்துக்குக் கறையான் மருந்து அடிப்பார்களா? விடைகளை அந்த வரிக்குக் கீழேயே எழுதச் சொல்லுங்கள்.

சிலர் பொருளைத் தாங்களே வாங்கி, கூலிக்கு மட்டும் ஆள் பிடிப்பார்கள். அப்போது மணலுக்கும் சல்லிக்கும் ‘கியூப்’ என்ற அலகு வரும். ஒரு கியூப் என்பது 100 கன அடி. ஒரு றக்ரர் பெட்டி நிறைய வந்தால் அது ஒரு கியூப் என்று நினைத்துவிட வேண்டாம். பெட்டியின் உட்புறத்தை அளந்து பாருங்கள். நீளம் 10 அடி, அகலம் 6 அடி, மணல் ஏற்றிய உயரம் ஒன்றரை அடி என்றால் 90 கன அடிதான். பத்து லோட் இறக்கினால் ஒரு கியூப் குறையும்.

அளவு குறைவாக இருந்தாலும் கவனம்: பூச்சு

3ஆம் வரியில் 16 சதுரம் பூச்சு. உள்ளும் வெளியும் என்று எழுதியிருக்கிறது. முகட்டின் கீழுள்ள முக்கோணச் சுவர்களைப் பின்னர் பூசுவதாகக் குடும்பத்தினர் ஏற்கெனவே சொல்லியிருந்ததால் அவை கணக்கில் இல்லை.

வெளிச்சுவர் சுற்றளவு 90 அடி. உள்ளே விறாந்தையின் சுற்றளவு 62 அடி, அறைகள் இரண்டும் 83 அடி. எல்லாம் சேர்ந்து 235 அடி. சுவர் உயரம் 9 அடி. 235 × 9 = 2,115 சதுர அடி. இதில் கதவு, யன்னல் வெளிகளைக் கழிக்க வேண்டும். சுவரின் இரண்டு முகத்தையும் பூசுவதால் ஒவ்வொரு வெளியையும் இரண்டு தடவை கழிக்க வேண்டும். 3 அடிக்கு 7 அடி வாசல் நான்கு, 4 அடிக்கு 4 அடி யன்னல் ஐந்து. மொத்தம் 328 சதுர அடி போகும். மிச்சம் 1,787 சதுர அடி, ஏறக்குறைய 18 சதுரம்.

தாளில் 16தான். குடும்பத்துக்கு இலாபம் என்று விட்டுவிடலாமா? விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். 16 சதுரம் முடிந்ததும் “மிச்சத்துக்குத் தனிக் காசு” என்பார். அல்லது கேட்காமலே பூச்சின் தடிப்பைக் குறைத்து அதே சீமெந்தில் எல்லாச் சுவரையும் முடித்துவிடுவார். மெல்லிய பூச்சு முதலில் தெரியாது. ஒன்றிரண்டு வருடத்தில் வெடித்துக் கழரும்போதுதான் தெரியும். ஆகவே குறைவாக எழுதிய அளவையும் நீங்களே சொல்லித் திருத்துங்கள்.

தடிப்பும் கலவையும் வரியில் இருக்க வேண்டும். சாதாரணச் சுவர்ப் பூச்சுக்கு 5/8 அங்குலத் தடிப்பு, சீமெந்து ஒரு பங்குக்கு மணல் ஐந்து பங்கு என்று எழுதலாம். பழைய பூச்சில் தட்டினால் வெறுமைச் சத்தம் கேட்கும் பகுதிகளைக் கொத்தி எடுப்பதும் இந்த விலைக்குள் அடங்குமா என்று கேளுங்கள். அதை விட்டுவிட்டு மேலே பூசினால் பழையதோடு புதியதும் விழும்.

அளவில்லாத வரி: நிலமும் கதவும்

மொத்தமாகப் பேசும் தொகை எப்போதும் பிழையானதல்ல. 1ஆம் வரியில் உள்ள இடிபாடு அகற்றலை அளப்பது கடினம். அதற்கு மொத்தத் தொகை பேசுவது வழமை. அங்கே கேட்க வேண்டியது எங்கே வேலை முடிகிறது என்பதுதான். வளவின் மூலையில் குவித்து வைப்பதா, ஏற்றிக்கொண்டு போவதா? திரும்பப் பாவிக்கக்கூடிய கல் யாருக்கு? அந்த இரண்டையும் எழுதினால் வரி முழுமையாகிவிடும். இடிபாட்டுக்குள் சந்தேகமான உலோகப் பொருள் கண்டால் எவரும் தொடக் கூடாது. வேலையை நிறுத்திவிட்டுக் கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவிக்க வேண்டும்.

அளக்கக்கூடிய வேலைக்கு அளவில்லாமல் தொகை போட்டிருந்தால்தான் சிக்கல். 4ஆம் வரி அப்படியானது. வீட்டின் உள் நிலம் 440 சதுர அடி. கொங்கிறீற் 3 அங்குலத் தடிப்பில் போட்டால் 110 கன அடி வேண்டும். 2 அங்குலத்தில் போட்டால் ஏறக்குறைய 73 கன அடி போதும். மேலே சீமெந்து மினுக்கிவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு அங்குலம் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு கொங்கிறீற் குறைகிறது. ஆனால் ‘எல்.எஸ்.’ என்ற வரியில் தொகை குறையாது.

கேட்டபோது, 35,000 ரூபா 2 அங்குலத்துக்குப் போட்ட விலை என்று தெரிந்தது. 3 அங்குலத்துக்கு சதுர அடி 100 ரூபா, மொத்தம் 44,000 என்றார். குடும்பத்தினர் 3 அங்குலத்தையே எடுத்தார்கள். கொங்கிறீற் போடுவதற்கு முன், இறுக்கிய மண்ணிலிருந்து 3 அங்குல உயரத்தில் சுவரைச் சுற்றி நூல் அடித்துக் கோடு போட்டுவிடுங்கள். நடுவிலும் சில முளைகளை அதே மட்டத்துக்கு அடித்துவிடுங்கள். கொங்கிறீற் அந்த மட்டத்துக்கு வருகிறதா என்று எவரும் பார்த்துச் சொல்லலாம்.

5ஆம் வரியில் கதவு, யன்னல் எத்தனை என்றே இல்லை. பிரித்து எழுதச் சொன்னபோது வெளிக்கதவு இரண்டு 20,000, யன்னல் ஐந்து 40,000 என்று வந்தது. அறைக்கதவு இரண்டும் அதில் இல்லவே இல்லை. தாய் நான்கு கதவும் அடங்கும் என்று நினைத்திருந்தார். ஒப்பந்தகாரர் வெளிக்கதவு மட்டும் என்று நினைத்திருந்தார். இருவரிலும் பிழை இல்லை. தாளில்தான் எண்ணிக்கை இல்லை.

பணம் போதாததால் அறைகளுக்குக் கதவைப் பின்னர் போடுவதென்று முடிவெடுத்தார்கள். ஆனால் நிலை இரண்டையும் இப்போதே வைத்தார்கள். ஒன்று 3,000 வீதம் 6,000 ரூபா. பூச்சு முடிந்த பின் நிலை வைத்தால் சுவரை மீண்டும் உடைக்க வேண்டிவரும். கதவு, யன்னல் வரியில் எண்ணிக்கையோடு மரத்தின் பெயர், கண்ணாடியா பலகையா, பிணைச்சல், பூட்டு, கொளுக்கி, தீந்தை யாவும் சேர்ந்ததா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒதுக்கிய பணம்: யாருடையது?

6ஆம் வரியில் மின்சார வேலைக்கு 20,000 ரூபா, பி.எஸ். என்று உள்ளது. இது விலை அல்ல. வேலை முடியும்போது செலவைப் பற்றுச்சீட்டோடு காட்டி, குறைந்தால் மிச்சம் உங்களுக்கு. கூடினால் உங்கள் சம்மதத்தோடு கூடும். அதுதான் அதன் முறை. ஆனால் அப்படி எழுதாவிட்டால் நடைமுறையில் குறைந்தது திரும்பி வராது. கூடியது மட்டும் கேட்கப்படும்.

இப்படியான வரியைக் கண்டால் முதலில் அதை அளவுள்ள வரியாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். மின்சார வேலையைப் பொயின்ற் கணக்கில் பேசலாம். இந்த வீட்டுக்கு மின்குமிழ் 6, பிளக் 3; மொத்தம் 9 பொயின்ற். ஒன்று 2,000 வீதம் 18,000 ரூபா. இனிமேல் ஒரு பொயின்ற் கூட்டினால் 2,000 கூடும் என்பதும் முன்கூட்டியே தெரியும். மின்சார சபைக்குக் கட்டும் இணைப்புக் கட்டணம் இதில் அடங்குமா இல்லையா என்பதை ஒரு வசனத்தில் எழுதுங்கள். அது வேறு பணம். பெரும்பாலும் எவரும் தாளில் சொல்வதில்லை.

7ஆம் வரி ‘ஏனையவை – 24,000’. எதற்கு என்று கேட்டபோது, “எதிர்பாராத செலவு வந்தால் எடுக்கிறதுக்கு” என்றார். எதிர்பாராத செலவு வரத்தான் செய்யும். சுவரின் ஒரு மூலை கல்லோடு சரிந்திருக்கலாம். நிலத்தைக் கிண்டியபோது கறையான் புற்று இருக்கலாம். ஆனால் அதற்கான பணம் உங்கள் கையில் இருக்க வேண்டும், ஒப்பந்தத் தொகைக்குள் அல்ல. தொகைக்குள் இருந்தால் எதிர்பாராதது ஒன்றும் நடக்காவிட்டாலும் அது கொடுத்து முடிக்க வேண்டிய காசாகிவிடும்.

திருத்தி எழுதிய தாள்

ஒரு மாலைப்பொழுது இருந்து பேசியதும் அதே ஒப்பந்தகாரர் புதிய தாள் எழுதித் தந்தார்.

1. இடிபாடு அகற்றல், ஏற்றிச் செல்வது உட்பட. நல்ல கல் வீட்டுக்காரருக்கு – 15,000
2. கூரை – 8.12 சதுரம் × 25,000 – 203,000
3. பூச்சு, 5/8 அங்குலம் – 18 சதுரம் × 6,000 – 108,000
4. நிலம், 3 அங்குலக் கொங்கிறீற் – 440 சதுர அடி × 100 – 44,000
5. வெளிக்கதவு 2, யன்னல் 5, அறை நிலை 2 – 66,000
6. மின்சாரம் – 9 பொயின்ற் × 2,000 – 18,000
மொத்தம் – 454,000 ரூபா

கூரையில் குறைந்தது. பூச்சிலும் நிலத்திலும் கதவிலும் கூடியது. 46,000 ரூபா குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. எதிர்பாராத செலவு வந்தால், எவ்வளவு என்று எழுதிக் கையொப்பமிட்ட பின்னர் அதிலிருந்து எடுப்பார்கள். முதல் தாளில் கையொப்பமிட்டிருந்தால் 5 இலட்சமும் பேசி முடிந்த காசாகியிருக்கும். அதற்கு மேல் இரண்டு சதுரம் பூச்சுக்கும் அறை நிலைக்கும் வேறு காசு தேட வேண்டியிருந்திருக்கும்.

இரண்டு மூன்று பேரிடம் விலைக்கூற்று வாங்கும்போதும் இப்படி அளவுகளை நீங்களே எழுதி எல்லோருக்கும் அதே தாளைக் கொடுங்கள். ஒவ்வொருவரும் தாம் நினைத்த அளவுக்கு விலை போட்டால் மொத்தங்களை ஒப்பிடுவதில் பயனில்லை. அளவு ஒன்றாக இருந்தால் விலையின் வித்தியாசம் மட்டும் தெரியும்.

பணம் கொடுக்கும் முறை

பணம் கொடுப்பதையும் வரிகளோடு சேர்த்து எழுதுங்கள். கூரை முடிந்ததும் 2ஆம் வரி, பூச்சு முடிந்ததும் 3ஆம் வரி என்றபடி கொடுக்கலாம். பொருள் வாங்க முற்பணம் கேட்டால் அடுத்து வரும் வேலைக்குரிய பொருளுக்கு மட்டும் கொடுத்து, அந்த வரியின் தொகையில் கழித்துக்கொள்ளுங்கள். வீட்டுத்திட்ட உதவி பெறும் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். உதவிப் பணம் கட்டம் கட்டமாகவே வரும். ஒரு கட்ட வேலை முடிந்ததைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்து உறுதிப்படுத்தினால்தான் அடுத்தது கிடைக்கும். முடியாத வேலைக்கு முன்கூட்டியே பணம் கொடுத்துவிட்டால் அந்தக் கட்டமும் முடியாது, அடுத்த பணமும் வராது.

மொத்தத்தில் 5 வீதத்தை, இந்தக் கணக்கில் 22,700 ரூபாவை, கடைசியில் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். எப்போது கொடுப்பது என்பதையும் எழுதுங்கள். எங்கள் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் கூரைக்குச் சோதனை. முதல் பெருமழையில் ஒழுக்கு இல்லை என்று கண்ட பின் அந்தப் பணத்தைக் கொடுக்கலாம். ஒழுகினால் அவர் வந்து திருத்திய பின் கொடுக்கலாம்.

திருத்திய தாளில் இருவரும் திகதியிட்டுக் கையொப்பமிடுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். தாள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால், கையொப்பத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். அளப்பதற்குத் துணை தேவைப்பட்டால் அளவு நாடாவோடு எமது களப் பணியாளரை வீட்டுக்கு அழையுங்கள். முற்பணம் கொடுப்பதற்கு முன்பே அழையுங்கள்.